நீளமான ஸ்லாபுக்கு ரிஜிட் டயஃப்ரம் போடுவதற்கு முன்

ஈடேப்ஸில் மாடல் போட்டு, எல்லாத் தளத்துக்கும் `D1` என்ற ரிஜிட் டயஃப்ரமைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதான் வழக்கம். சாதாரண வீடு, அபார்ட்மென்ட் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தளம் நீளமாக இருந்து, ஷியர் வால் இரண்டு முனைகளில் மட்டும் இருந்தால் கணக்கு தப்பாகிவிடும்.

ஒரு மாடி ஹால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 60 மீ நீளம், 12 மீ அகலம், 150 மிமீ ஸ்லாப், எம்25 கான்கிரீட். அகலவாக்கில் வரும் நிலநடுக்க விசை மீட்டருக்கு 10 கிநியூ என்று வைப்போம்.

முதலில் கைக்கணக்கு. ஸ்லாபை 60 மீ நீளமும் 12 மீ ஆழமும் உள்ள படுத்த பீமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

```
I = 0.15 × 12³ / 12 = 21.6 m⁴
E = 25 × 10⁶ kN/m²
δ = 5wL⁴ / 384EI ≈ 3.1 mm
```

ஷியரால் இன்னும் 0.3 மிமீ சேரும். முனைச் சுவர்கள் 1 மிமீ நகர்ந்தால், நடுத் தூண்கள் கிட்டத்தட்ட 4.4 மிமீ நகரும். ரிஜிட் மாடலில் அதே தூண்கள் 1 மிமீதான் நகரும். நடுத் தூண்களும் கொஞ்சம் விசையைத் தாங்குவதால் உண்மையில் 4.4-ஐவிடக் குறையும், விரிசல் விட்ட ஸ்லாபில் கூடும்.

ஐ.எஸ். 1893 (2016) படி, நடு நகர்வு முனைகளின் சராசரியைப் போல 1.2 மடங்கைத் தாண்டினால் அது வளையும் டயஃப்ரம். நம் ஹால் அதை எளிதாகத் தாண்டுகிறது.

பலர் சறுக்குவது இங்கேதான்: இந்தச் சோதனையை ரிஜிட் மாடலில் செய்யவே முடியாது. அதில் தளத்தின் புள்ளிகள் எல்லாம் ஒரே தகடாகச் சேர்ந்து நகரும், அதனால் விகிதம் எப்போதும் நல்லதாகவே வரும். `Define > Diaphragms` போய் `D1`-ஐ `Semi Rigid` ஆக்கி, ஸ்லாபை நன்றாக மெஷ் செய்து, ரன் செய்தபின் நடு நகர்வைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நான் எப்போதும் செமி ரிஜிட்டையே போடுவேன். கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான்.

இன்னொன்று. ரிஜிட் மாடலில் தளத்துக்குள் இருக்கும் பீம்களில் அச்சு விசை பூஜ்யமாகத்தான் காட்டும். நம் ஹாலில் wL²/8 = 4500 கிநியூமீ; அதை 12 மீ-ஆல் வகுத்தால் ஓரப் பீமில் சுமார் 375 கிநியூ இழுவிசை. அதற்கான கம்பியை மாடல் கேட்கவே கேட்காது.

நீளத்தை மட்டும் பார்த்து பயப்படவும் வேண்டாம். 60 மீ முழுக்க ஒரே மாதிரி ஃபிரேம்கள் சம இடைவெளியில் இருந்தால், ஒவ்வொன்றும் தன் பங்கைத் தானே தாங்கும்; ஸ்லாபுக்குப் பெரிய வேலை இருக்காது.

பின்சேர்ப்பு: செமி ரிஜிட் ஆக்கியும் விடை மாறவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் `D2` என்று புதிதாக ஒன்றை ஷெல்லுக்கு மட்டும் கொடுத்திருந்தார். ஜாயின்ட்களில் பழைய `D1` அப்படியே இருந்தது. ஜாயின்ட்களில் அதை எடுத்துவிட்டு மறுபடி ரன் செய்யச் சொன்னேன், நடு நகர்வு தெரிய ஆரம்பித்தது.