'செக்' என்று மட்டும் எழுதி வரும் கணக்கைத் திருத்துவது எப்படி?

வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடத்தின் படம் ஒன்று வருகிறது, கீழே 'செக்' என்ற ஒரே சொல். அனுப்பியவர் கேட்பது புதிய விடையை அல்ல, தன் வழி எந்த வரியில் பிசகியது என்பதை. பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

```
1) 2x² − 5x − 3 = 0
2) a = 2, b = −5, c = −3
3) x = (5 ± √(25 − 24)) / 4
4) x = (5 ± 1) / 4
5) x = 3/2, x = 1
```

முதலில் கேள்வியைப் பாருங்கள். படத்தில் புத்தகப் பக்கம் இல்லையென்றால் அதையும் கேட்டு வாங்குங்கள். கேள்வியையே தவறாக எழுதிக்கொண்டு அதைச் சரியாகப் போட்டிருந்தால், வரிகளை எத்தனை முறை பார்த்தாலும் பிழை தெரியாது. பென்சிலில் எழுதிய மைனஸ் குறி படத்தில் எளிதில் மறைந்துவிடும். அதனால் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு உறுப்பின் குறியையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, வரிகளுக்குள் போகும் முன் விடையைக் கேள்வியில் பிரதியிடுங்கள். x = 1 என்றால் 2 − 5 − 3 = −6. x = 3/2 என்றால் 4.5 − 7.5 − 3, அதுவும் −6. பூச்சியம் வராததால் விடை தவறு. ஆனால் இரண்டு முறையும் ஒரே எண் வந்திருப்பதைக் கவனியுங்கள். இவை 2x² − 5x + 3 = 0 என்பதன் மூலங்கள்; அதாவது மாறிலியின் குறி எங்கோ மாறியிருக்கிறது. மூலங்களின் கூடுதலும் பெருக்கற்பலனும் இதையே சொல்கின்றன. கூடுதல் 5/2, அது சரி. பெருக்கற்பலன் −3/2 வர வேண்டிய இடத்தில் +3/2 வந்திருக்கிறது.

இனி, மேலேயிருந்து வரி வரியாக வாருங்கள். ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதற்கு முந்தைய வரியிலிருந்து இது வருமா? முதல் இரண்டு வரிகள் சரி. மூன்றாவதில் −4ac என்பது −4 × 2 × (−3), அதாவது +24. c = −3 என்று சரியாக எழுதியவர், அடைப்புக்குறி போடாமல் பிரதியிட்டதால் ஒரு மைனஸை விட்டிருக்கலாம். வர்க்கமூலத்துக்குள் 49 வர வேண்டும். நான்காவதும் ஐந்தாவதும் தவறான எண்ணிலிருந்து சரியாகவே வந்தவை. அவற்றைத் தவறென்று அடிக்காதீர்கள். அடித்தால் வகுத்தலும் தனக்கு வராது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

விடை சரியாக இருந்தாலும் வரிகளைப் பார்த்தாக வேண்டும். இரண்டு குறிப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துவிட்டு, சரியான விடையில் கொண்டுபோய் நிறுத்துவது உண்டு.

பதிலைச் சுருக்கமாக எழுதுங்கள்: "1, 2 சரி. 3-ஆம் வரியில் −4ac-ஐ அடைப்புக்குறி போட்டு மறுபடி எழுதிப் பார். 4, 5-இல் நீ செய்த முறை சரி, எண் மட்டும் மாறும். 3-ஆம் வரியிலிருந்து போட்டு அனுப்பு." x = 3, x = −1/2 என்ற விடையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படம் வரும்போது ஒப்பிட.