எழுத்தறிவுக் கோடு ஏன் கடைசியில் படுத்துவிடுகிறது?

பொருளியல் பாடத்தில் இந்தியாவின் எழுத்தறிவு விகிதத்துக்கு ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது என்று வையுங்கள். 1951இல் 18.33 சதவீதம், 1981இல் 43.57, 2001இல் 64.84, 2011இன் தற்காலிகக் கணக்கில் 74.04. நான்கே வரிசை. எக்செலில் `Line` வகையைச் சொடுக்கினால் கோடு வந்துவிடும். ஆனால் அதன் கடைசித் துண்டு தளர்ந்து கிடக்கும். 2001க்குப் பிறகு முன்னேற்றம் நின்றுபோன மாதிரி இருக்கும்.

நிற்கவில்லை. `Line` வகை ஆண்டுகளை எண்களாகப் பார்ப்பதில்லை, வெறும் பெயர்ப்பலகைகளாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சம இடைவெளியில் வைத்துவிடுகிறது. முதல் இடைவெளி 30 ஆண்டு, அடுத்தது 20, கடைசி 10. மூன்றும் ஸ்லைடில் ஒரே அகலம். ஆண்டுக்கு எவ்வளவு ஏறியது என்று வகுத்துப் பாருங்கள்: முதல் கட்டத்தில் சுமார் 0.84 சதவீதப் புள்ளி, அடுத்து 1.06, கடைசியில் 0.92. அதாவது கடைசிப் பத்தாண்டு முதல் முப்பதாண்டை விட வேகமானது! `Scatter with Straight Lines` வகைக்கு மாற்றினால் ஆண்டுகள் அவற்றின் உண்மையான தூரத்தில் உட்காரும். கிடை அச்சு 1900இலோ பூஜ்யத்திலோ தொடங்கினால் குறைந்தபட்சத்தை 1951 என்று கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வழக்கமான தவறு, 2001ஐயும் 2011ஐயும் மட்டும் எடுத்துப் பட்டைகளாக வரைந்து, செங்குத்து அச்சை 60இல் தொடங்குவது. அப்போது பட்டைகளின் உயரம் 4.84, 14.04 என்று ஆகிவிடும். ஒன்று மற்றதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தெரியும். உண்மையில் 1.14 மடங்குதான். பட்டையில் கண் அளப்பது நீளத்தை, அதனால் அது பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். கோட்டுக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை, அங்கே சரிவைத்தான் பார்க்கிறோம். ஆனாலும் எழுத்தறிவு மாதிரி 100ஐத் தாண்டவே முடியாத அளவீடுகளுக்கு 0 முதல் 100 வரை போடுவதுதான் என் வழக்கம். இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதும் தெரிந்துவிடுகிறதே.

தலைப்பிலும் ஒரு வழுக்கல் உண்டு. 64.84இலிருந்து 74.04க்குப் போனது 9.2 சதவீதப் புள்ளி. "9.2 சதவீதம் வளர்ச்சி" என்று எழுதினால் தப்பு, அந்தக் கணக்கில் அது சுமார் 14 சதவீதம்.

அப்புறம் அட்டவணையின் அடிக்குறிப்பு. ஸ்லைடுக்கு நகல் எடுக்கும்போது முதலில் காணாமல் போவது இதுதான். 1951, 1961, 1971 விகிதங்கள் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானவை. 1981 முதல் 7 வயதும் அதற்கு மேலும். எழுதப் படிக்கப் பழகாத சின்னஞ்சிறுசுகளைக் கணக்கிலிருந்து எடுத்தாலே விகிதம் கொஞ்சம் ஏறிவிடும். ஆகவே 1981க்கு முந்தைய துண்டைப் புள்ளிக்கோடாக்கி, பக்கத்திலேயே "5+", "7+" என்று எழுதிவிடுங்கள். 1981 கணக்கில் அசாமும் 1991இல் ஜம்மு காஷ்மீரும் இல்லை. அங்கே கணக்கெடுப்பு நடக்கவில்லை. இதற்கு ஸ்லைடின் அடியில் ஒரு வரி போதும்.