ஒலியளவுக் குமிழைத் திருப்பினால் கரகரப்பு: நான் சரிசெய்த விதம்

என் கணினி ஸ்பீக்கரின் ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வந்தது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் இடது பக்க ஒலி அறவே நின்றுவிடும். குமிழைத் தொடாதபோது ஒலி தெளிவாகவே இருந்ததால், வயரில் கோளாறு இல்லை, குமிழுக்குப் பின்னால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பாகமான பொட்டென்ஷியோமீட்டரில்தான் அழுக்கு என்று முடிவு செய்தேன். அதற்குள் ஒரு கரிப்பூச்சுத் தடத்தின் மீது சிறு உலோகத் தொடுமுனை நகர்கிறது. இடையில் தூசு படிந்தால் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும், அதுவே கரகரப்பு.

முதலில் ஸ்பீக்கரை அணைத்து, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 30 முறை திருப்பினேன். சத்தம் குறைந்தது, இரண்டே நாளில் திரும்பியது.

பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். அரைமணி நேரம் காத்திருந்து, மல்டிமீட்டரால் அளந்து, மின்னழுத்தம் வடிந்ததை உறுதிசெய்த பின்னரே கை வைத்தேன். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம்.

பிளாஸ்டிக்கைக் கெடுக்காத, பொட்டென்ஷியோமீட்டருக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட கான்டாக்ட் கிளீனரையே, அதாவது மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயையே வாங்குங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே பிசுக்கை விட்டுச்செல்லும். அதில் தூசு மேலும் ஒட்டும். குமிழின் தண்டில் அடித்தால் திரவம் தடத்தை எட்டாது. பொட்டென்ஷியோமீட்டரின் உலோகக் கால்கள் வெளிவரும் பக்கத்து இடுக்கில் மெல்லிய குழாயை வைத்து ஒரு நொடி அடித்தேன். உடனே 20 முறை திருப்பி, ஜன்னலைத் திறந்து வைத்து, முழுதாக உலரவிட்ட பிறகே மின்சாரம் கொடுத்தேன்.

கரகரப்பு போய்விட்டது, இடது பக்கமும் சீரானது. சுத்தம் செய்தும் அதே இடத்தில் ஒலி அறுபட்டால் கரித்தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள்; பொட்டென்ஷியோமீட்டரை மாற்றத்தான் வேண்டும்.