மராத்தி வாழ்த்துச் சொற்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புனே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நம் நண்பர், பண்டிகை நாள்களில் காதில் விழும் வாழ்த்துகளை அப்படியே பிடித்துக்கொண்டு திருப்பிச் சொல்கிறார். நானும் அதையேதான் செய்தேன். அதனால்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கேட்ட வினையையே திருப்பிச் சொல்வது

ஜனவரியில் மகர சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் சேர்த்த உருண்டையைக் கையில் வைத்து, "திள்கூள் க்யா, கோட் கோட் போலா" என்பார்கள். எள்ளுருண்டை எடுத்துக்கொள்ளுங்கள், இனிமையாகப் பேசுங்கள் என்பது பொருள். என் முதல் சங்கராந்தியன்று, வயதில் மூத்த சக ஊழியர் ஒருவர் என்னிடம் உரிமையோடு "திள்கூள் கே, கோட் கோட் போல்" என்றார். அதுதான் வாழ்த்தின் வடிவம் என்று நம்பி, அடுத்த பத்து நிமிடத்தில் பிரிவுத் தலைவரின் மேசைக்குப் போய் அதையே சொன்னேன். அவர் உருண்டையை வாங்கிக்கொண்டு, "ஹோ, போல்தோ", அதாவது "சரி, பேசுகிறேன்" என்றார். பக்கத்து மேசையில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

'கே', 'போல்' என்பவை 'எடுத்துக்கோ', 'பேசு' என்னும் ஒருமை ஏவல்கள். 'க்யா', 'போலா' என்பவை மரியாதைப் பன்மை. நண்பர்களிடமும் சிறியவர்களிடமும் முதல் வடிவம் அன்பாக ஒலிக்கும், மேலதிகாரியிடம் ஒலிக்காது. நம் காதில் விழுவது நம்மை நோக்கிச் சொன்ன வடிவம் என்பதை மறந்துவிடுவதுதான் சிக்கல். இன்றும் யாராவது மூத்தவரிடம் 'கே' என்று சொல்லக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது, பாதி என் மேலேயே. தசராவில் ஆப்டா இலையைப் பொன்னாகக் கொடுக்கும்போதும் இதே கணக்குதான்: பெரியவரிடம் "ஸோன க்யா". விநாயகரை வழியனுப்பும்போதுகூட "புட்ச்யா வர்ஷீ லவ்கர் யா", அடுத்த ஆண்டு சீக்கிரம் வாருங்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த 'க்யா'வின் முதல் எழுத்து மூச்சோடு அழுத்தி ஒலிக்கும் 'க'. வல்லினமாகச் சொன்னால் இந்தியின் 'என்ன?' ஆகிவிடும். 'திள்கூள்' என்பதில் உள்ள ளகரம் நமக்கு இயல்பாகவே வரும். அதை லகரமாக மாற்ற வேண்டாம்.

ஆசியைத் திருப்பிக் கொடுப்பது

பெரியவர் காலில் விழுந்ததும் "ஆயுஷ்மான் பவ" என்றால், நீடூழி வாழ்க என்று பொருள். பதிலுக்கு அதையே அவரிடம் சொல்லாதீர்கள். கை கூப்பினால் போதும்.

'அகண்ட சௌபாக்யவதீ பவ'

மூத்தவர்கள் சுமங்கலிக்குச் சொல்வது. நீங்கள் யாரிடமும் முயல வேண்டாம்.

'அபிநந்தன்'

அது பாராட்டு. பண்டிகைக்கு "ஹார்திக் சுபேச்சா".