தேள் கொட்டிய குழந்தைக்குப் பிரசோசின்: அளவிலும் கவனிப்பிலும் நடக்கும் தவறுகள்

மாசி, பங்குனியில் தருமபுரிப் பக்கம் புளி உலுக்கும் காலம். வீட்டு வாசலில் புளிக் குவியல், பக்கத்தில் விறகு, அதற்கடியில் கல். சாயங்காலம் குழந்தை அங்கே கையை விட்டால் சின்னதாக, செம்பழுப்பு நிறத்தில் ஒன்று கொட்டிவிட்டு ஓடும். நம் ஊரில் எல்லோரும் பயப்படுவது உள்ளங்கை நீளக் கருந்தேளுக்குத்தான். அது கொட்டினால் வலி பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். குழந்தையின் இதயத்தைப் பதம் பார்ப்பது இந்தச் சின்னச் செந்தேள்.

பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து அரசு மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்த்த வருடங்களில் நான் செய்ததும், பிறர் செய்யப் பார்த்ததுமான தவறுகளை இங்கே எழுதுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இரவு பார்க்கும் இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பெற்றோர் படித்தால், ரத்தக் குழாயைத் தளர்த்தும் பிரசோசின் மாத்திரையை வீட்டில் கொடுக்கக் கூடாது என்பதையும், குழந்தையை ஏன் ஒரு நாள் முழுக்கப் படுக்க வைக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் தவறு, வலியை வைத்து விஷத்தை எடை போடுவது. "ரொம்ப அழுதா சார், இப்ப அமைதியாயிட்டா, மந்திரிச்சதுல இறங்கிருச்சு போல" என்று பாட்டி சொல்வார். அப்போதுதான் நான் எழுந்து போய்க் கையைத் தொட்டுப் பார்ப்பேன். செந்தேளின் விஷம் உடம்பில் ஏறினால் கொட்டிய இடத்து வலி குறைவாகவே இருக்கலாம். வாந்தி, சட்டை நனையும் வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது, ஆண் குழந்தையானால் குறி விறைத்து நிற்பது, இவையெல்லாம் முதல் கட்டம். அடுத்து கை, கால் சில்லிடும், நாடி ஓடும், ரத்த அழுத்தம் ஏறும். விஷம் உடம்பிலுள்ள அட்ரினலின் வகைச் சுரப்புகளை அணை உடைந்தது போல் கொட்டவைக்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இறுகிய குழாய்களை எதிர்த்துத் தள்ளித் தள்ளி, அந்தச் சுரப்புகளாலேயே அடிபட்ட இதயம் களைக்கிறது. கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கிறது.

இறுகிய குழாயைத் தளர்த்துவதுதான் பிரசோசினின் வேலை. மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் இருந்துகொண்டு மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இதைத் தேள் கொட்டுக்குக் கொடுத்து, 1986ல் லான்செட் இதழில் எழுதினார். அது விஷத்தை முறிக்கும் மருந்தில்லை என்பதால் வெறும் வலியோடு வரும் குழந்தைக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கக் கூடாது. அதற்குப் பாராசிட்டமாலும், கொட்டிய இடத்தில் ஐஸ் ஒத்தடமும், தேவையானால் லிக்னோகெயின் ஊசியும் போதும். ஆனால் படுக்க வைத்து, கையைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சில்லிட ஆரம்பித்ததும் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும்.

இனி அளவு. ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 30 மைக்ரோகிராம். முதல் வேளைக்கு மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது, பிறகு கை கால் சூடாகி, உலர்ந்து, புறங்கை நரம்புகள் எடுப்பாகத் தெரியும் வரை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. கணக்கு இவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கில்தான் மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள்.

ஒன்று, எடை. "போன மாசம் அங்கன்வாடில பன்னெண்டு கிலோன்னாங்க" என்பதை அப்படியே எழுதிக்கொள்வது. அம்மாவைக் குழந்தையோடு தராசில் நிறுத்தி, பிறகு அம்மாவை மட்டும் நிறுத்திக் கழித்தால் அரை நிமிடம்.

இரண்டு, புள்ளி. 30 மைக்ரோகிராம் என்பது 0.03 மில்லிகிராம். அவசரத்தில் அது 0.3 ஆகிவிட்டால் குழந்தைக்குப் பத்து மடங்கு போகும். மாத்திரை மில்லிகிராமில் வருகிறது, நம் கணக்கோ மைக்ரோகிராமில் இருக்கிறது. ஆகவே நான் சீட்டில் மைக்ரோகிராம் என்று முழுதாக எழுதிவிட்டு, பக்கத்திலேயே எத்தனை மில்லி லிட்டர் என்றும் எழுதுவேன். கொடுக்கும் செவிலியர் அதைத் தனியாக ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மூன்று, மாத்திரை. இதுதான் என்னை அதிகம் பயமுறுத்துவது. ஊர் மருந்துக் கடைகளில் பிரசோசின் கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது 2.5 அல்லது 5 மில்லிகிராம் எக்ஸ்எல் மாத்திரை. பெரியவர்களின் ரத்த அழுத்தத்துக்காக, நாள் முழுக்க மெல்ல மெல்லக் கசியும்படி செய்தது அது. அதை விழுங்க வைத்தால் குழந்தைக்கு இப்போது வேண்டிய வேகம் கிடைக்காது. உடைத்தோ பொடித்தோ கொடுத்தால் மெல்லக் கசியும் அமைப்பே குலைந்துபோய், எவ்வளவு எப்போது உள்ளே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாதாரண 1 மில்லிகிராம் மாத்திரைதான் வேண்டும். அது அவசர மருந்துப் பெட்டியில் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பகலிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்குத் தேடுகிற மருந்து இல்லை இது.

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். நான்கு வயதுப் பெண், எடை 14 கிலோ. இரவு ஏழரைக்குக் கொட்டியது, எட்டே முக்காலுக்கு வந்தாள். இரண்டு முறை வாந்தி, நெற்றியில் வியர்வை. நாடி 150, ரத்த அழுத்தம் 130க்கு 90, அந்த வயதுக்கு ரொம்ப அதிகம். கை முழங்கை வரை சில்லிட்டிருந்தது, கால் முழங்கால் வரை. மூச்சு சீர், ஆக்சிஜன் அளவு 97. 14 பெருக்கல் 30, ஆக 420 மைக்ரோகிராம். ஒரு 1 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கலக்கினால் ஒரு மில்லியில் 100 மைக்ரோகிராம் இருக்கும். அவளுக்கு 4.2 மில்லி. இந்த மருந்து தண்ணீரில் சரியாகக் கரையாது, பொடி அடியில் தங்கிவிடும். நன்றாகக் கலக்கி, கலங்கியிருக்கும்போதே சிரிஞ்சில் இழுக்க வேண்டும். மேல்தெளிவை இழுத்தால் குழந்தைக்குப் போவது தண்ணீர். வாந்தி நிற்காத குழந்தைக்கு மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கலாம்.

ஒன்பது மணிக்குக் கொடுத்தோம். அடுத்தது பன்னிரண்டுக்கு, அதற்கடுத்தது காலை ஆறுக்கு.

மருந்து உள்ளே போனதும் ஒரு சின்ன விஷயத்தில் பெரிய தவறு நடக்கும். அப்பா குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொள்வார், இல்லை பாத்ரூமுக்கு நடத்திக் கூட்டிப் போவார்கள். முதல் வேளை பிரசோசினுக்குப் பிறகு நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று சரியும், குழந்தை துவண்டு விழும். மூன்று மணி நேரம் படுத்தபடியே இருக்க வேண்டும், சிறுநீரும் படுக்கையிலேயே. இதை வீட்டாருக்கு உட்கார வைத்துச் சொல்லாவிட்டால் நடக்காது. துவண்டுவிட்டால் தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தி, நரம்பு வழியே கொஞ்சம் சலைன் கொடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். வாந்தியிலும் வியர்வையிலும் வற்றிப்போய் வரும் குழந்தைக்கு அந்த நீரிழப்பையும் கூடவே சரிசெய்ய வேண்டும். அதற்காக டிரிப்பை முழுதாகத் திறந்து விடாதீர்கள். களைத்த இதயத்துக்கு அந்த நீர் நுரையீரலில்தான் போய் நிற்கும்.

இதயத்தைக் கவனிப்பது எப்படி? முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கொரு முறை, அடுத்த ஆறு மணி நேரம் ஒரு மணிக்கொரு முறை, பிறகு நான்கு மணிக்கொரு முறை. நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, இவற்றோடு சில்லிப்பு எங்கே வரை நிற்கிறது என்பதும். கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. நான் பேனாவால் குழந்தையின் கையிலேயே கோடு போட்டு நேரம் எழுதுவேன்.

அது எதற்கென்றால், ரத்த அழுத்தம் தனியாக ஏமாற்றும். அந்தப் பெண்ணுக்குப் பத்தரை மணிக்கு அழுத்தம் 130லிருந்து 98க்கு வந்தது. நல்லதா, கெட்டதா? அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. மருந்து வேலை செய்தாலும் அழுத்தம் இறங்கும், இதயம் தோற்றுப்போனாலும் இறங்கும். அவளுக்குச் சில்லிப்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கியிருந்தது, நாடி 150லிருந்து 124. ஆகவே மருந்து பிடித்திருக்கிறது. இதே 98, கை இன்னும் சில்லென்று, நாடி 170, மூச்சு 50 என்று இருந்திருந்தால் இதயம் கைவிடுகிறது என்று அர்த்தம். சில வருடம் முன்பு ஒரு பையனிடம் நான் அந்த இரண்டாவதை முதலாவது என்று வாசித்தேன். "பி.பி. நார்மல்" என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். இருபது நிமிடத்தில் இருமலோடு இளஞ்சிவப்பு நுரை வந்தது. பிழைத்தான், ஆனால் வென்டிலேட்டரில் இருந்துதான் பிழைத்தான். இன்னொன்று, பெரியவர்களின் பட்டையைக் குழந்தைக் கையில் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். குழந்தைக்கான பட்டை இல்லாத இடத்தில் கையின் சூடும் நாடியும்தான் நம்பகமான சாட்சி.

மார்பின் அடிப்பகுதியில் கரகரப்பு, படுக்க முடியாமல் எழுந்து உட்காரத் துடிப்பது, ஆக்சிஜன் அளவு இறங்குவது, குதிரை ஓட்டம் போல மூன்று சத்தமாகக் கேட்கும் இதயம், பெருக்கும் கல்லீரல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தலையை உயர்த்தி வைத்து ஆக்சிஜன் கொடுத்து, டோபுடமின் போன்றவை கொடுக்க வசதியுள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். முதல் ஈசிஜி சாதாரணமாக இருந்தால் இதயம் தப்பியது என்று எழுதிவிட வேண்டாம். திரும்ப எடுங்கள். எக்கோ இருக்கும் இடத்தில் எக்கோ பாருங்கள்.

பழக்கத்தில் போடுகிற ஊசிகளும் இருக்கின்றன. வியர்வையையும் எச்சிலையும் பார்த்து அட்ரோபின் போட்டால், ஏற்கெனவே ஓடும் நாடி இன்னும் ஓடும். ஸ்டீராய்டு கெடுதலே செய்யும். பாம்புக்கடி விஷமுறிவு மருந்து தேளுக்கு வேலை செய்யாது, ஒவ்வாமை ஆபத்து மட்டும் மிச்சம். தேளுக்கென்று தனி விஷமுறிவு மருந்து இருக்கிறது. 2011ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், அதைப் பிரசோசினோடு சேர்த்துக் கொடுத்தவர்கள் பிரசோசின் மட்டும் பெற்றவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். கிடைத்தால் கொடுக்கலாம். அது வரட்டும் என்று பிரசோசினை நிறுத்தி வைக்கக் கூடாது.

பென்னாகரத்திலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அஞ்செட்டி மலைப் பக்கத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு இன்னும் தூரம். ஆகவே சில்லிட்ட குழந்தையை 108ல் ஏற்றும் முன்பே முதல் வேளை உள்ளே போயிருக்க வேண்டும், வண்டியிலும் படுத்தே போக வேண்டும். பரிந்துரைச் சீட்டில் கொட்டிய நேரம், எடை, எத்தனை மைக்ரோகிராம், எத்தனை மணிக்கு என்று நான்கும் இல்லாவிட்டால் போய்ச் சேரும் இடத்தில் அரை மணியிலேயே இன்னொரு வேளை கொடுத்துவிடுவார்கள்.

அந்தப் பெண்ணுக்குக் காலை ஆறு மணி வேளைக்கு முன்பே உள்ளங்கால் வெதுவெதுப்பாகிவிட்டது, சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் சில். அதனால் அந்த வேளையைக் கொடுத்தோம். எட்டு மணிக்கு இட்லி கேட்டாள். அப்பா வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். மறுநாள் காலை வரை விடவில்லை, ஈசிஜியைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினோம்.