தர்மபுரிக்கு எங்கிருந்து வந்தார்கள்? சென்சஸ் இடப்பெயர்வுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி நகரில் 2011 கணக்கெடுப்பின்போது ஐந்து பேர் உள்ள ஒரு வீடு இருந்ததாக வைத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான், ஆனால் இந்தப் பக்கத்தில் தேடாமலே கிடைக்கும் வகை.

அப்பா பிறந்தது பாப்பாரப்பட்டியில். பெங்களூரில் சில வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு 2003-ல் தர்மபுரி நகருக்குக் குடிவந்தார். அம்மா காவேரிப்பட்டணத்துக்காரர், கல்யாணமானதும் நேரே பெங்களூருக்குப் போனவர். மகள் 2000-ல் பிறந்தாள். தலைப்பிரசவம் என்பதால் தாய்வீட்டில், அதாவது காவேரிப்பட்டணத்தில். மகன் 2006-ல் பிறந்தான், அதே தாய்வீட்டு ஊரில், மூன்றாம் மாதம் தர்மபுரிக்கு வந்துவிட்டான். பாட்டி பிறந்தது தர்மபுரி நகரில், வாழ்க்கைப்பட்டது பாப்பாரப்பட்டியில். மகன் குடும்பம் ஊர் திரும்பியபோது அவரும் அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்துகொண்டார்.

கணக்கெடுப்பாளர் இவர்களிடம் இரண்டு தனிக் கேள்விகள் கேட்கிறார். எங்கே பிறந்தீர்கள்? இந்த ஊருக்கு வருமுன் கடைசியாக எங்கே வசித்தீர்கள்? முதல் கேள்வி மிகப் பழையது, இரண்டாவது 1971-ல்தான் சேர்ந்தது. இரண்டிலும் அளவுகோல் ஊர்தான். கணக்கெடுக்கப்படும் கிராமமோ நகரமோ அல்லாத வேறு ஊரின் பெயர் பதிலாக வந்தால் அவர் இடம்பெயர்ந்தவர்.

பிறந்த இடத்தை வைத்துப் பார்த்தால் இந்த வீட்டில் நான்கு பேர் இடம்பெயர்ந்தவர்கள். அப்பா மாவட்டத்துக்குள்ளேயே வேறு ஊரிலிருந்து வந்தவர். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். பாட்டி கணக்கிலேயே இல்லை, பிறந்த ஊரில்தானே இருக்கிறார். கர்நாடகத்திலிருந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை.

கடைசியாக வசித்த இடத்தை வைத்துப் பார்த்தால் ஐந்து பேரும் இடம்பெயர்ந்தவர்கள். அப்பா, அம்மா, மகள் மூவரும் கர்நாடகத்திலிருந்து. மகன் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து. பாட்டி மாவட்டத்துக்குள்ளேயே.

வீடு ஒன்றுதான், வரும் படங்கள் இரண்டு. அதனால் முதலில் தவிர்க்க வேண்டியது, எந்தக் கேள்விக்கான அட்டவணை என்று பார்க்காமல் எண்ணை எடுப்பது. சென்சஸ் வெளியிடும் டி வரிசையில் D-1 பிறந்த இடம் பற்றியது, D-2 கடைசியாக வசித்த இடம் பற்றியது. நாட்டளவில் 2001-ல் இரண்டின் மொத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், முதலாவதில் 30.7 கோடி, இரண்டாவதில் 31.4 கோடி. இந்த நெருக்கத்தைப் பார்த்து எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஊர் திரும்பியவர்கள் நிறைய இருக்கும் தர்மபுரி போன்ற இடத்தில் அந்த நினைப்பு உதவாது. பெங்களூர் போய் வந்தவர்கள் D-1-ல் தெரியவே மாட்டார்கள். D-2-ம் கடைசி ஓட்டத்தை மட்டும்தான் காட்டும். பென்னாகரத்திலிருந்து திருப்பூர், அங்கிருந்து ஓசூர் என்று போனவருக்கு அதில் திருப்பூர்தான் பதிவாகும்.

அடுத்தது மாவட்ட எல்லை. இந்தப் பகுதியில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். படிவத்தில் பிறந்த ஊருக்கும் மாவட்டத்துக்கும் இன்றைய பெயரையே எழுத வேண்டும் என்பது விதி. காவேரிப்பட்டணத்தில் பிறந்து 1990-ல் தர்மபுரி நகருக்கு மருமகளாக வந்த ஒருவர் 2001-ல் ‘மாவட்டத்துக்குள் இடம்பெயர்ந்தவர்’. 2011-ல் அவரே ‘வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்’. இடையில் அவர் தெருவைக்கூட மாற்றியிருக்க மாட்டார். இரண்டு ஆண்டுகளின் அட்டவணையையும் பக்கத்தில் வைத்து, வெளிமாவட்டத்தார் பெருகிவிட்டார்கள் என்று எழுதினால், அது அரசாணை செய்த வேலையை மக்கள் தலையில் கட்டுவது.

சரி, 2011-ன் தர்மபுரியையும் கிருஷ்ணகிரியையும் கூட்டிவிட்டால் பழைய மாவட்டம் கிடைத்துவிடுமே என்று தோன்றும். மக்கள்தொகைக்கு அது சரி. 2001-ல் ஒன்றாக இருந்த 28.56 லட்சத்தை 2011-ன் 15.07, 18.80 லட்சங்களின் கூட்டுத்தொகையோடு தாராளமாக ஒப்பிடலாம். வேறு மாநிலத்திலிருந்து வந்தோர் எண்ணிக்கைக்கும் இதே கூட்டல் செல்லும். ஆனால் ‘வேறு மாவட்டம்’ என்ற வரிசையைக் கூட்டினால் கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கும், தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குமாக வந்தவர்கள் அதற்குள்ளேயே தங்கிவிடுவார்கள். எந்த மாவட்டம் என்று அந்த வரிசை பிரித்துச் சொல்லாததால் அவர்களை வெளியே எடுக்கவும் வழியில்லை. நான் செய்வது இதுதான்: ‘மாவட்டத்துக்குள்’, ‘மாநிலத்தின் வேறு மாவட்டங்கள்’ இரண்டையும் ஒரே எண்ணாக்கி, தமிழ்நாட்டுக்குள் இடம்பெயர்ந்தோர் என்று மட்டும் இரண்டு ஆண்டுக்கும் ஒப்பிடுவது. நுணுக்கம் குறையும், பொய் வராது.

ஊர் எல்லையிலும் இதே சிக்கல் உண்டு. மத்திகிரி தனிப் பேரூராட்சியாக இருந்தவரை அங்கிருந்து ஓசூருக்கு வந்தவர் இடம்பெயர்ந்தவர். அது ஓசூரோடு சேர்ந்தபின் அவர் உள்ளூர்க்காரர்.

அப்புறம் பிரசவக் கணக்கு. பிறந்த இடம் என்றால் குழந்தை உண்மையில் பிறந்த ஊர். பெற்றோர் குடியிருந்த ஊர் அல்ல. தாய்வீட்டுப் பிரசவமோ வெளியூர் ஆஸ்பத்திரிப் பிரசவமோ, மூன்று மாதத்தில் தொட்டிலோடு வந்த பையனும் இடம்பெயர்ந்தவன்தான். ஊர்ப் பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்கு மாற மாற இந்த எண்ணிக்கை தானாகவே ஏறும். ஏன் இடம் மாறினீர்கள் என்றும் சென்சஸில் கேட்கிறார்கள், அந்தக் காரணப் பட்டியலில் 2001 முதல் ‘பிறந்தபின் இடம் மாறியவர்’ என்று தனியே ஒரு குறியீடு இருக்கிறது. காரணவாரியாகப் பிரித்துக் காட்டும் D-3 அட்டவணையில் அந்த வரிசையைக் கழித்துவிட்டு மீதியைப் பார்ப்பது நல்லது. அதைக் கழிக்காமல், குழந்தைகள் கூட்டங்கூட்டமாக நகரத்துக்கு வருகிறார்கள் என்று யாராவது எழுதினால், மகப்பேறு வார்டைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

அதே D-3-ல் காரணத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. நம் வீட்டு அம்மா ஊரை விட்டது கல்யாணத்தால். ஆனால் பெங்களூரிலிருந்து தர்மபுரிக்கு வந்தது குடும்பத்தோடு. பதிவாவது இரண்டாவது காரணம்தான், ஏனென்றால் கேள்வி கடைசி இடப்பெயர்வைப் பற்றியது.

இன்னொன்று, மொத்த எண்ணைப் பத்தாண்டு வரத்தாக எடுத்துக்கொள்வது. நாற்பது வருஷத்துக்கு முன் வாழ்க்கைப்பட்டு வந்தவரும் போன மாதம் ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தவரும் அந்த மொத்தத்தில் ஒன்றாகத்தான் இருப்பார்கள். 2011 மொத்தத்திலிருந்து 2001 மொத்தத்தைக் கழித்தாலும் வரத்து கிடைக்காது, இடையில் இறந்தவர்களும் திரும்பிப் போனவர்களும் குறைந்திருப்பார்கள். அதற்குத்தான் வந்து எத்தனை ஆண்டு என்ற கேள்வி. D-2-ல் ஓர் ஆண்டுக்குக் கீழ், 1-4, 5-9 ஆண்டுகள் என்ற பத்திகளை மட்டும் கூட்டினால் பத்தாண்டுக்குள் வந்து இன்னும் இங்கே இருப்பவர்கள் கிடைப்பார்கள். கால அளவு சொல்லாதவர்களுக்குத் தனிப் பத்தி உண்டு, அதைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது.

போனவர்களைத் தேடி தர்மபுரி அட்டவணையைப் புரட்டுவதில் பயனில்லை. அங்கே வந்தவர்கள்தான் இருப்பார்கள். பெங்களூருக்குப் போனவர் பெங்களூர் அட்டவணையில் இருப்பார், ஆனால் அங்கே ‘தமிழ்நாடு’ என்றுதான் வரும், அரூரா ஆம்பூரா என்று தெரியாது. ஆறு மாதம் கட்டட வேலை, ஆறு மாதம் ஊர் என்று இருப்பவர் இன்னும் நழுவுவார். 2011-ல் கணக்கெடுத்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த இருபது நாளும் வெளியூரில் இருந்தவரை அங்கேயே எண்ணியிருப்பார்கள். அப்போது ஊரில் இருந்தவரோ, நான் எங்கேயும் போகவில்லை, இதே ஊர்தான் என்று சொல்லியிருப்பார். அவரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.