காற்று ஏறும்போது பாயைச் சுருக்குவதில் நடக்கும் தவறுகள்

சென்னைக் கடற்கரையில் ஏப்ரல், மே மாதங்களில் காலையில் படகை எடுத்தால் கடல் பெரும்பாலும் சாதுவாகத்தான் இருக்கும். தரை சூடாகச் சூடாக, நண்பகலை ஒட்டி கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ கடற்காற்று நுழையும். முதலில் 8, 10 நாட், அதாவது மணிக்கு 8, 10 கடல் மைல் வேகம்தான் இருக்கும், படகோட்ட அருமையான காற்று. அது அங்கேயே நின்றுவிடும் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மதியம் இரண்டு, மூன்று மணிக்குள் அதே காற்று பல நாட்களில் 16, 18 நாட்டுக்கு ஏறிவிடும். 10 நாட் 18 ஆனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று மனம் கணக்குப் போடுகிறது. பாயின் மேல் விழும் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தில் வளர்வது, அதனால் மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. காலையில் படகுக்கு அளவாக இருந்த பாய், மாலையில் அதைத் தள்ளிச் சாய்க்கும் பாயாகிவிடுகிறது.

பாயின் அடிப்பகுதியை இறக்கி மடித்து, பரப்பைக் குறைத்துக்கொள்வதுதான் ரீஃப் போடுவது. 30 அடி நீளமுள்ள, ஒற்றைப் பாய்மரமும் ஒரு பெரிய பாயும் ஒரு முன்பாயும் கொண்ட சாதாரணக் குடும்பப் படகை மனதில் வைத்து எழுதுகிறேன். இந்த வகைப் படகில் முதல் ரீஃப், பெரிய பாயில் சுமார் கால் பங்கைக் குறைக்கும்.

அதிகம் பேர் செய்யும் தவறு, சாய்வை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது. படகின் ஓரம் தண்ணீரைத் தொட்டால் ரீஃப் போடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். ஆனால் ஓரம் நனைவதற்கு வெகு நேரம் முன்பே சுக்கான் செய்தி சொல்லிவிடுகிறது. படகு சாயும்போது பாயின் விசை, படகின் நடுக்கோட்டை விட்டு விலகி, காற்று போகும் பக்கத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஒரு பக்கமாகத் தள்ளப்பட்ட படகு, மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பப் பார்க்கும். அதை நேராக வைக்க நீங்கள் சுக்கான் கைப்பிடியைக் காற்று வரும் பக்கம், உங்கள் நெஞ்சை நோக்கி, இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு விரலில் நிற்க வேண்டிய கைப்பிடி முழுக் கையைக் கேட்டால் அது முதல் அறிகுறி. முழங்கையை விலாவில் ஊன்றி இழுக்கிறீர்கள் என்றால் ஏற்கெனவே தாமதம்.

சுக்கான் அப்படித் திரும்பியே கிடப்பதால் கை மட்டும் வலிப்பதில்லை. நடுக்கோட்டிலிருந்து 10 பாகைக்கு மேல் திரும்பிய சுக்கான், தண்ணீரில் பிரேக் போட்டபடி போகிறது. ஆகவே அடுத்த அறிகுறியை வேகமானியில் பார்க்கலாம். காற்று 14 நாட்டிலிருந்து 18க்கு ஏறியும் படகின் வேகம் ஏறாமல், 6 நாட்டில் ஆரம்பித்து ஐந்தரைக்கு இறங்கினால், கூடுதல் காற்று முழுவதும் சாய்ப்பதற்கும் பக்கவாட்டில் நழுவுவதற்கும்தான் போகிறது. இப்படிப்பட்ட படகுகள் 15 முதல் 20 பாகைச் சாய்வில் நன்றாக ஓடும். 25ஐத் தாண்டினால் அடியில் தண்ணீருக்குள் நீண்டிருக்கும் கீல் பிடிமானத்தை இழந்து, படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரத் தொடங்கும். அந்த நிலையில் ரீஃப் போட்டவர்கள், பாய் குறைந்தும் வேகம் குறையவில்லையே என்று வியப்பார்கள். சுக்கான் நேரானது, பிரேக் விட்டது, அவ்வளவுதான்.

மூன்றாவது அறிகுறி, பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் பயன்படும் ஷீட் கயிற்றில் தெரியும். ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் பெரிய பாயின் ஷீட்டைத் தளர்த்தித் தளர்த்திப் படகை நிமிர்த்துகிறீர்கள், பாயின் முன்பகுதி பெரும்பாலான நேரம் படபடக்கிறது என்றால், அந்தப் பரப்பு உங்களுக்குத் தேவையில்லை என்று அர்த்தம். படபடக்கும் பாய் உந்துவதில்லை, தையல்தான் தேய்கிறது. ஒரு வீச்சுக்கு ஷீட்டைத் தளர்த்துவது படகோட்டும் திறமை. அரை மணி நேரம் அதையே செய்துகொண்டிருப்பது ரீஃபைத் தள்ளிப்போடுவது.

கடலையும் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை உடைந்தால் காற்று 10 நாட்டை ஒட்டி இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அலைத்தலைகள் வெள்ளையாக உடைந்து, இடையிடையே அலையின் நீர்த்துளிகளும் முகத்தில் தெறித்தால் 17ஐத் தாண்டிவிட்டது. இதற்கு நடுவே, நுரைகள் கூடிக்கொண்டே வரும் அந்த அரை மணி நேரத்தில்தான் ரீஃப் போட வேண்டும். அப்போது படகு இன்னும் பேச்சுக்குக் கட்டுப்படும், கைகளும் சோர்ந்திருக்காது.

மேலே சொன்ன எல்லா அறிகுறிகளையும் மறைத்துவிடும் சூழ்நிலை ஒன்று உண்டு. ஆபத்தான தவறு நடப்பது அங்கேதான். கோவளம் பக்கமிருந்து வடக்கே சென்னையை நோக்கித் திரும்பி வருகிறீர்கள் என்று வையுங்கள். தென்கிழக்குக் காற்று 18 நாட், அது பின்பக்கவாட்டில் இருந்து தள்ளுகிறது, படகு 6.5 நாட்டில் பாய்கிறது. படகும் காற்று போகும் பக்கமே போவதால், அதன் மேல் உணரும் காற்று 14 நாட்தான். சாய்வு இல்லை, நீர்த்துளி தெறிப்பதில்லை, சுக்கானும் தொல்லை தருவதில்லை. எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு வெயில் காய்கிறார்கள். முன்னால் மீன்வலையின் மிதவைகள் வரிசையாகத் தெரிகின்றன. விலக வேண்டுமென்றால் காற்றை நோக்கித் திரும்ப வேண்டும். திரும்பி, காற்றுக்கு 45 பாகையில் 5.5 நாட் வேகத்தில் ஓடத் தொடங்கியதும் உணரும் காற்று 22 நாட் ஆகிவிடுகிறது. 14க்கும் 22க்கும் இடையில் அழுத்தம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. முழுப் பாயோடு படகு ஒரேயடியாகச் சாய்கிறது, ஓரம் தண்ணீருக்குள் போகிறது, சுக்கான் பிடி கொடுப்பதில்லை. ரீஃப் போடவும் அதே திசைக்குத்தான் திரும்ப வேண்டும் என்பது இன்னொரு சங்கடம். பின்காற்றில் பாய், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் மேல் அழுந்திக் கிடக்கும், இறக்கினால் இறங்காது.

ஆகவே பின்காற்றில் ஓடும்போது உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த நிமிடம் காற்றை நோக்கித் திரும்ப வேண்டி வந்தால் இந்தப் பாய் தாங்குமா? உணரும் காற்றோடு படகின் வேகத்தைக் கூட்டினால் உண்மைக் காற்று தோராயமாகத் தெரிந்துவிடும். அந்த எண்ணை வைத்தே முடிவெடுங்கள்.

இனி ரீஃப் போடும் முறைக்கு வருவோம். படகை நேரே காற்றுக்கு எதிராக நிறுத்துவது ஒரு பரவலான தவறு. படகு நின்றுவிடும், சுக்கான் செத்துவிடும், பெரிய பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் கிடைக்கம்பமான பூம் தலைக்கு மேல் இப்படியும் அப்படியும் அடிக்கும். முன்பாய் உந்திக்கொண்டிருக்கட்டும். காற்றுக்கு 50, 60 பாகையில் மெதுவாக ஓடிக்கொண்டே, பெரிய பாயை மட்டும் அழுத்தம் போகும்வரை தளர்த்துங்கள். மேல்தளத்துக்குப் போய் வேலை செய்பவர் உயிர்காப்புச் சட்டை போட்டு, பாதுகாப்புப் பட்டையின் கொக்கியைப் படகில் மாட்டியிருக்க வேண்டும்.

ஷீட்டைத் தளர்த்தியவர்கள் வாங் கயிற்றை மறந்துவிடுகிறார்கள். பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு அது. அதைத் தளர்த்தாமல், பாயின் பின்மூலையை இழுக்கும் ரீஃப் கயிற்றை விஞ்ச் என்ற கயிறு இழுக்கும் உருளையில் சுற்றினால், அந்த மூலை பூமுக்கு வந்து சேராது. இன்னும் பலம் போட்டால் கயிறு அறும், அல்லது பாயின் வளையம் பிய்யும். விஞ்ச் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால் சுற்றுவதை நிறுத்திவிட்டு, எதை அவிழ்க்க மறந்தோம் என்று பாருங்கள். பூமைத் தாங்கும் டாப்பிங் லிஃப்ட் கயிற்றையும் முன்கூட்டியே இறுக்கி வைத்தால், பூம் தலையில் விழாது.

அடுத்தது வரிசை. பாயை ஏற்றும் ஹாலியார்டைக் குறித்த இடம்வரை தளர்த்தி, பாயின் முன்விளிம்பில் உள்ள ரீஃப் வளையத்தைப் பூமின் முன்முனைக் கொக்கியில் மாட்ட வேண்டும். உடனே ஹாலியார்டை மீண்டும் இறுக்க வேண்டும். அது இறுகும்வரை வளையத்தை ஒரு கையால் கொக்கியில் அழுத்திப் பிடித்திருங்கள், பாய் ஒருமுறை உதறினால் கழன்றுவிடும். முன்விளிம்பை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு மடிப்புக் கோடு தெரியும்வரை இறுக்கலாம், காற்று நிரம்பியதும் அது மறைந்துவிடும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பின்மூலையின் ரீஃப் கயிறு. பின்மூலையை முதலில் இழுத்தால் பாய் பின்னோக்கி இழுபட்டு, முன்வளையம் கொக்கிக்கு எட்டாது. முன்விளிம்பின் தையலிலும் சுமை ஏறும்.

ஹாலியார்டை அரைகுறையாக இறுக்கிவிட்டு வருவதால் ரீஃபே வீணாகிவிடும். தளர்ந்த முன்விளிம்பு உள்ள பாய் பை போல உப்பி, அதன் வயிறு பின்னால் நகரும். அப்படிப்பட்ட பாய் படகை அதிகம் சாய்க்கும், குறைவாக உந்தும். பரப்பைக் குறைத்தும் சாய்வு குறையவில்லையே என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பின்மூலையும் பூமோடு ஒட்டி, நன்றாகப் பின்னுக்கு இழுபட்டு இருக்க வேண்டும். பாயின் அடிப்பகுதி தட்டையாகத் தெரிந்தால் சரி.

மடிந்து தொங்கும் பாயைச் சிறு கயிறுகளால் கட்டுவது, அது அலையாமல் இருக்க மட்டுமே. அவற்றை இறுக்கிக் கட்டாதீர்கள். சுமை முழுவதும் முன்வளையத்திலும் பின்மூலையிலும் இருக்க வேண்டும். பின்மூலைக் கயிறு நழுவி, சுமை இந்தச் சிறு கயிறுகளுக்கு வந்தால், அவை கோத்திருக்கும் ஓட்டைகளின் வரிசையிலேயே பாய் நீளமாகக் கிழியும்.

எந்தப் பாயை முதலில் குறைப்பது என்பது படகைப் பொறுத்தது. பெரிய பாய் பெரிதாகவும் முன்பாய் சிறிதாகவும் உள்ள படகில் பெரிய பாய்தான் முதல். பாய்மர உச்சிவரை போகும் பெரிய முன்பாய் கொண்ட பழைய படகுகளில் முன்பாயை முதலில் சுருட்டுவது நல்லது. சுருக்கிய பிறகு சுக்கான் இரண்டு விரலுக்கு வந்துவிட்டதா என்பதே சரிபார்ப்பு.

ரீஃபுக்கும் ஓர் எல்லை உண்டு. கோடைகால மாலையில் சென்னைக்கு மேற்கே கருமேகம் திரண்டு, கடற்காற்று திடீரென்று அடங்கி, தரைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று ஒரு வீச்சு வந்தால், அடுத்து வரும் இடிப்புயல் காற்றுக்கு ஒரு ரீஃப் போதாது. பெரிய பாயை முழுவதும் இறக்கிக் கட்டி, இன்ஜினைப் போடுங்கள்.

காற்று தணிந்து ரீஃபை அவிழ்க்கும்போது வரிசை தலைகீழாகும். சிறு கயிறுகள் முதலில், பின்மூலை அடுத்தது, முன்வளையம் கடைசி. ஒரே ஒரு சிறு கயிறு கட்டோடு இருக்க, ஹாலியார்டை விஞ்சால் ஏற்றினால் அந்த ஓட்டையில் கிழிசல் தொடங்கும். பூமின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் தடவிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பாயை ஏற்றுங்கள்.